ரசீதைப் படம் பிடித்து ‘டோட்டல்?’ என்று அனுப்பினால்: மங்கிய வரிகளை வைத்து எவ்வளவு சொல்ல முடியும்?

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா போன்ற பட்டணங்களுக்கு ஒருவர் போய், தோட்டத்தில் உள்ள இரண்டு மூன்று வீடுகளுக்கும் சேர்த்துச் சாமான் வாங்கி வருவது வழக்கம். வாங்கியதும் ரசீதைக் கைப்பேசியில் படம் பிடித்து, கீழே ‘டோட்டல்’ என்ற ஒரே சொல்லை மட்டும் போட்டு அனுப்பிவிடுவார்கள். கணக்குப் பார்ப்பவர் திறந்து பார்த்தால், நடுவில் ஒரு வரி மங்கியிருக்கும். அடிப்பகுதி படத்திலேயே இருக்காது. இந்த நிலையில் தெரிந்த எண்களைக் கூட்டி ஒரு தொகையைச் சொல்லிவிடலாமா? எந்த வரியை மீட்க முடியும், எதை மீட்க முடியாது? ஓர் எடுத்துக்காட்டு ரசீதை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம்.

‘டோட்டல்’ என்றால் எந்த டோட்டல்?

முதலில் இந்தச் சொல்லையே கவனிக்க வேண்டும். ஒரு சாதாரண மளிகை ரசீதின் அடியில் குறைந்தது நான்கு தொகைகள் இருக்கும். பொருள்களின் விலைகளை மட்டும் கூட்டியது ஒன்று. அது ‘சப் டோட்டல்’ அல்லது மலாயில் ‘ஜும்லா கெச்சில்’. கழிவும் சில்லறைத் திருத்தமும் போன பிறகு நீங்கள் கொடுக்க வேண்டிய தொகை இன்னொன்று, அதுதான் ‘ஜும்லா’. அதற்குக் கீழே ‘துனாய்’ அல்லது ‘கேஷ்’ என்று, நீங்கள் கல்லாவில் நீட்டிய பணம். கடைசியாக ‘பாக்கி’.

இந்த நான்கில் பெரிய எண் பெரும்பாலும் நீங்கள் நீட்டிய பணம்தான். படம் தெளிவில்லாமல் இருந்தால், கண் அந்த எண்ணைத்தான் முதலில் பிடிக்கும். 143 ரிங்கிட் சாமானுக்கு 150 ரிங்கிட் என்று கணக்கில் ஏறுவது இப்படித்தான்.

‘பாக்கி’ என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. மலாய் ரசீதில் அது கடைக்காரர் திருப்பிக் கொடுத்த மீதிப் பணம். தமிழில் ‘பாக்கி’ என்றால் இன்னும் கொடுக்க வேண்டிய கடன் என்றும் பொருள். “பாக்கி ஆறு வெள்ளி அறுபத்தஞ்சு காசு” என்று ஒருவர் வாசித்துச் சொன்னால், கேட்பவர் அதைக் கடையில் விட்டு வந்த கடன் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. ஆகவே தொகையைச் சொல்லும்போது “கடைக்குக் கட்டினது இவ்வளவு, மீதி வாங்கினது இவ்வளவு” என்று பிரித்துச் சொல்வது நல்லது.

எடுத்துக்காட்டு: முதல் படம்

மூன்று வீடுகளுக்காக வாங்கிய சாமான்களின் ரசீது என்று வைத்துக்கொள்வோம். படத்தில் தெரிவது இவ்வளவுதான்:

அரிசி 10 கிலோ, 2 × 26.00 — 52.00
பொட்டல எண்ணெய் 1 கிலோ, 3 × 2.50 — 7.50
சீனி 1 கிலோ, 4 × 2.85 — (தொகை மங்கியிருக்கிறது)
ஆட்டா மாவு — 13.90
சார்டின், 3 × 6.79 — 20.37
(முழு வரியும் மங்கியிருக்கிறது)
முட்டை 30 — 12.80
சலவைத் தூள் — 18.95
(இதற்குக் கீழே படம் வெட்டுப்பட்டிருக்கிறது)

சீனி வரியில் தொகை தெரியவில்லை. ஆனால் எண்ணிக்கையும் விலையும் தெரிகின்றன. நான்கை 2.85 ஆல் பெருக்கினால் 11.40. இது ஊகம் அல்ல. ரசீதே சொன்ன இரண்டு எண்களிலிருந்து வந்த மூன்றாவது எண். ஒரு வரியில் எண்ணிக்கை, விலை, தொகை ஆகிய மூன்றில் எந்த இரண்டு தெரிந்தாலும் மற்றது கிடைத்துவிடும்.

விலையும் மங்கியிருந்தால் என்ன செய்வது? சில பொருள்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. கட்டுப்பாட்டு விலையில் உள்ள பொருள்களின் விலை வெளியில் தெரிந்த ஒன்று. தீபகற்ப மலேசியாவில் சாதாரண வெள்ளைச் சீனி கிலோ 2 ரிங்கிட் 85 சென். உதவித் தொகை பெறும் ஒரு கிலோ பொட்டல எண்ணெய் 2 ரிங்கிட் 50 சென். உள்நாட்டு வெள்ளை அரிசி 10 கிலோ 26 ரிங்கிட். இவை உச்ச விலைகள். கடை இதைவிடக் குறைத்து விற்கலாம். ஆகவே இப்படி எடுத்த எண்ணைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது தெரிந்த வரிகளைச் சீனியோடு சேர்த்துக் கூட்டினால் 136 ரிங்கிட் 92 சென் வருகிறது. இதுதான் டோட்டலா? இல்லை. இது ‘தெரிந்த வரிகளின் கூட்டு’ மட்டுமே.

“சரி, குறைந்தது 136.92 ஆவது இருக்கும், அதற்கு மேலேதானே போகும்” என்று நினைக்கத் தோன்றும். அதுவும் உறுதி இல்லை. வெட்டுப்பட்ட பகுதியில் உறுப்பினர் கழிவு, கூப்பன் கழிவு போன்றவை இருந்தால் உண்மையான தொகை இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். அடிப்பகுதி இல்லாத ரசீதில் கீழ் எல்லையும் தெரியாது, மேல் எல்லையும் தெரியாது.

ஆக, இந்தப் படத்துக்குச் சரியான பதில் ஓர் எண் மட்டும் அல்ல. இப்படி எழுதலாம்: “அக்கா, தெரியிற வரியெல்லாம் கூட்டினா 136 வெள்ளி 92 காசு வருது. சார்டினுக்குக் கீழ ஒரு வரி மங்கியிருக்கு. அடிப்பகுதி படத்துல இல்ல. அதனால இது டோட்டல் இல்ல. அடிப்பகுதியை மட்டும் திரும்ப எடுத்து அனுப்புங்க.” என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை, அடுத்து என்ன வேண்டும் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன.

இரண்டாவது படம்: அடிப்பகுதி கிடைத்தால்

அடிப்பகுதியைத் திரும்ப எடுத்து அனுப்புகிறார்கள். அதில் ‘ஜும்லா’ வரி கசங்கி அழிந்திருக்கிறது. ஆனால் துனாய் 150.00, பாக்கி 6.65 என்று தெரிகிறது. மொத்த எண்ணிக்கை 16 என்றும் இருக்கிறது.

கட்டிய தொகை இப்போது தெரிந்துவிட்டது. 150.00 இல் 6.65 போனால் 143 ரிங்கிட் 35 சென். வாங்கியவர் கையிலிருந்து போன பணம் இதுதான். அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய மொத்தமும் இதுதான். மங்கிய வரியில் என்ன இருந்தது என்று தெரியாமலேயே இந்தப் பதிலைச் சொல்லலாம். கேள்வி ‘மொத்தம் எவ்வளவு கட்டினீங்க’ என்பது மட்டும்தான் என்றால் வேலை இங்கேயே முடிந்தது.

ஆனால் தொகையை மூன்று வீட்டுக்கும் பிரிக்க வேண்டும் என்றால் மங்கிய வரியும் வேண்டும். அங்கே இன்னொரு சிறிய கணக்கு குறுக்கே வருகிறது.

அந்த இரண்டு சென் எங்கே போனது?

பேங்க் நெகாரா 2008 ஏப்ரல் 1 முதல் சில்லறைத் திருத்த முறையை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. ஒரு சென் நாணயத்தின் புழக்கத்தைக் குறைக்க, மொத்தத் தொகையை அருகில் உள்ள 5 சென்னுக்கு மாற்றும் முறை இது. கடைசி இலக்கம் 1 அல்லது 2 என்றால் கீழே 0 ஆகும். 3 அல்லது 4 என்றால் மேலே 5 ஆகும். 6 அல்லது 7 என்றால் கீழே 5 ஆகும். 8 அல்லது 9 என்றால் மேலே அடுத்த 10 சென் ஆகும். ஒவ்வொரு பொருளின் விலையையும் இப்படி மாற்றுவதில்லை. ரசீதின் மொத்தத்தில் ஒரே ஒரு முறைதான் நடக்கும். கார்டு, மின் பணப்பை வழி கட்டும்போது திருத்தம் இல்லாமல் சரியான தொகையே கழியலாம்.

நம் ரசீதில் ரொக்கமாகக் கட்டியது 143.35. திருத்த வரி தெரியாவிட்டால், திருத்தத்துக்கு முன் அது 143.33 முதல் 143.37 வரை எதுவாகவும் இருந்திருக்கலாம். ஆகவே ரொக்க ரசீதில் மேலும் கீழும் இரண்டு சென் வித்தியாசம் வந்தால் யாரையும் சந்தேகிக்கத் தேவையில்லை. மூன்று சென் வித்தியாசம் வந்தால் அதற்குத் திருத்தம் காரணம் அல்ல; எங்கோ ஓர் எண் தவறாக வாசிக்கப்பட்டிருக்கிறது.

இந்த ரசீதில் திருத்த வரி தெரிகிறது என்றும், அதில் −0.02 என்று இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் திருத்தத்துக்கு முந்திய தொகை 143.37. அதிலிருந்து தெரிந்த வரிகளின் கூட்டான 136.92 ஐக் கழித்தால் 6.45 மிஞ்சுகிறது.

6.45 தான் மங்கிய வரியா? அவசரப்படாதீர்கள்

பலர் தவறிவிடும் இடம் இதுதான். ஒரு வரிதான் மங்கியிருக்கிறது, மிஞ்சியது 6.45, ஆகவே அந்தப் பொருளின் விலை 6.45 என்று எழுதிவிடுவார்கள். மிஞ்சிய தொகை என்பது தெரியாத எல்லாவற்றின் நிகரத் தொகை. அதில் ஒரு பொருள் இருக்கலாம், இரண்டு இருக்கலாம், ஒரு பொருளும் ஒரு கழிவும் இருக்கலாம்.

எத்தனை பொருள் என்பதை எண்ணிக்கை வரி சொல்லும். தெரிந்த வரிகளில் அரிசி 2, எண்ணெய் 3, சீனி 4, ஆட்டா 1, சார்டின் 3, முட்டை 1, சலவைத் தூள் 1. மொத்தம் 15. ரசீதின் அடியில் 16. ஆக, மறைந்தது ஒரே ஒரு பொருள். நல்லது. ஆனால் கழிவு ஒரு பொருள் அல்ல என்பதால் அது இந்த எண்ணிக்கையில் சேராது.

இந்த ரசீதின் கடைசியில், நன்றி வாசகத்துக்கு மேலே, “நீங்கள் சேமித்தது 3.00” என்று மலாயில் ஒரு சிறிய வரி இருக்கிறது. அப்படியென்றால் எங்கோ 3 ரிங்கிட் கழிவு போயிருக்கிறது. தெரிந்த வரிகளில் கழிவு எதுவும் இல்லை. மடிப்பில் மறைந்த இடத்தில் கழிவு இருந்தால், மங்கிய பொருளின் விலை 6.45 அல்ல, 6.45 உடன் 3.00 சேர்த்து 9.45. வாங்கியவரைக் கேட்டால் அது தேயிலைத் தூள் என்கிறார். பொட்டலம் வீட்டில் இருக்கிறது. அதே கடையில் அதன் விலை 9.45 தானா என்று பார்த்துவிடலாம்.

கவனம்: ‘சேமித்தது’ என்ற வரியை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது. சில கடைகளின் இயந்திரம் ஏற்கெனவே குறைத்துப் போட்ட சலுகை விலையையும் அந்த வரியில் சேர்த்துக் காட்டும். அப்போது கூட்டினால் இரண்டு முறை கழித்தது போல ஆகிவிடும். மங்கிய இடத்தைக் கிட்டத்தில் திரும்பப் படம் எடுத்துப் பார்ப்பதுதான் முடிவான வழி.

மூன்று ரிங்கிட்தானே என்று தோன்றலாம். தேயிலை வாங்கியது ஒரு வீடு, உறுப்பினர் கார்டு இன்னொரு வீட்டினுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6.45 என்று எழுதினால் கழிவு முழுவதும் தேயிலை வாங்கிய வீட்டுக்கே போய்விடும். கார்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. மொத்தம் சரியாக இருக்கும், பங்கு தவறாக இருக்கும். கூட்டிப் பார்த்தால் பிழையே தென்படாது. ஒவ்வொரு மாதமும் இப்படி நடந்தால் கடைசியில் வருவது மனஸ்தாபம்தான்.

இன்னொரு எல்லையையும் நினைவில் வையுங்கள். இரண்டு பொருள் வரிகள் மங்கிவிட்டால், இரண்டின் கூட்டு மட்டுமே கிடைக்கும். அதைத் தனித்தனியாகப் பிரிக்கக் கணக்கால் முடியாது.

மங்கவில்லை, ஆனால் தவறாகத் தெரிகிறது

முழுதாக அழிந்த வரியைவிடப் பாதி அழிந்த வரி ஆபத்தானது. 8 இன் இடப்பக்கம் மங்கினால் 3 போலத் தெரியும். 6 ஐ 5 என்றும், 7 ஐ 1 என்றும் வாசித்துவிடலாம். உங்கள் கூட்டும் ரசீதின் மொத்தமும் சரியாக 5 சென், 50 சென் அல்லது 5 ரிங்கிட் வித்தியாசப்பட்டால், முதலில் 3, 8 இருக்கும் இடங்களைத் தேடுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஐந்து. வித்தியாசம் 60 சென் அல்லது 6 ரிங்கிட் என்றால் 1, 7 இருக்கும் இடங்களைப் பாருங்கள்.

சாரா உதவியில் வாங்கிய ரசீது

மைகார்டு வழி சாரா உதவியில் வாங்கும்போது ‘டோட்டல்’ இன்னும் குழப்பமாகும். 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயதும் அதற்கு மேலும் உள்ள மலேசியர்களுக்கு 100 ரிங்கிட் சாரா வழங்கப்பட்ட பிறகு, இப்படிப்பட்ட ரசீதுகள் எல்லா வீட்டிலும் இருந்தன. தகுதியுள்ள அடிப்படைப் பொருள்களின் தொகை மைகார்டில் கழியும். மற்றவற்றுக்குக் கையிலிருந்து கட்ட வேண்டும். 143.35 ரசீதில் 60 ரிங்கிட் மைகார்டில் கழிந்தால், ரொக்கம் 83.35 தான். சாமானின் மதிப்பு வேறு, ரொக்கமாகப் போனது வேறு. யாருடைய மைகார்டில் கழிந்தது என்பதையும் குறித்துக்கொண்டால்தான் பங்கு சரியாக வரும்.

எழுத்து ஏன் மங்குகிறது?

பெரும்பாலான கடை ரசீதுகளில் மை கிடையாது. காகிதத்தின் மேற்பூச்சில் நிறமில்லாத ஒரு சாயமும், அதைக் கருப்பாக்கும் ஒரு பொருளும் தனித்தனியாக இருக்கின்றன. அச்சு இயந்திரத்தின் சூடு பட்ட இடத்தில் இரண்டும் சேர்ந்து எழுத்தாகத் தெரியும். இந்தச் சேர்க்கை எளிதில் கலைந்துவிடும். எண்ணெய்க் கை, கைச் சுத்திகரிப்புத் திரவம், சில வகைப் பிளாஸ்டிக் உறைகள், வெயில் ஆகியவை எழுத்தை மங்கவைக்கும். மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியிலோ காரின் முன்கண்ணாடிக்குக் கீழேயோ வைத்தால் சூட்டில் காகிதம் முழுவதும் கருத்தும் போகலாம். இதனால்தான் ரசீதைச் சூடாக ‘லேமினேட்’ செய்யக் கூடாது. மங்கிய எழுத்தை மீட்க இஸ்திரிப் பெட்டி வைப்பதும் கூடாது.

மங்கிய வரியில் இலேசான மஞ்சள் அல்லது சாம்பல் தடம் இருந்தால், கைப்பேசியில் படத்தின் ஒளி வேறுபாட்டைக் கூட்டியோ நிறத்தைத் தலைகீழாக்கியோ பார்க்கலாம். சில நேரம் எண் தெரியும். தடமே இல்லையென்றால் எந்தச் செயலியாலும் வராது.

படம் எடுக்கும் முறை

வாங்கிய அன்றே எடுங்கள். ரசீதைத் தட்டையாக விரித்து, மடிப்பை நீவிவிட்டு, பகல் வெளிச்சத்தில், உங்கள் நிழல் விழாமல் எடுக்க வேண்டும். நீளமான ரசீது என்றால் ஒரே படத்தில் திணிக்க வேண்டாம். இரண்டு மூன்று படமாக எடுத்து, ஒரு படத்தின் கடைசி இரண்டு வரிகள் அடுத்த படத்தின் தொடக்கத்திலும் வருமாறு பாருங்கள். அப்போதுதான் இடையில் எந்த வரியும் விடுபடவில்லை என்று பெறுபவருக்குத் தெரியும். கடைப் பெயரும் தேதியும் உள்ள மேல் ஓரமும், பாக்கிக்குக் கீழே உள்ள ஓரமும் கட்டாயம் தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும். சிறிய எழுத்து உள்ள ரசீதை எச்.டி. தரத்திலோ ஆவணமாகவோ அனுப்புவது நல்லது.

அனுப்பும்போது ‘டோட்டல்’ என்று மட்டும் போடாமல் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: “16 சாமான், 143.35 கேஷ் கட்டினேன், மூணு வீட்டுக்கும் பிரிக்கணும்.” படம் மங்கினாலும் இந்த வரி இருக்கும்.

மங்கிய எண்ணின் மேலேயே பேனாவால் எழுத வேண்டாம். பிறகு அது கடை அச்சிட்டதா, நீங்கள் எழுதியதா என்று சொல்ல முடியாது. தெரிந்ததைப் பக்கத்தில், தேதியோடு எழுதுங்கள். தொகை பெரியது என்றால் கடைக்கே போய் மறு அச்சு கேட்கலாம். ரசீது எண், தேதி, நேரம், கல்லா எண் ஆகிய நான்கும் மேல் பகுதியில் அல்லது அடியில் இருக்கும். அவை தெரிந்தால் கடைக்காரர் தேடுவது எளிது.

மங்கிய ரசீதால் வேறு என்ன இழப்பு?

வருமான வரிக் கழிவு கோரும் ரசீதுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பிள்ளைக்குப் புத்தகம் அல்லது கணினி வாங்கி, வாழ்க்கை முறைப் பிரிவில் 2,500 ரிங்கிட் வரை கழிவு கோருகிறவர்கள் இதில் அடங்குவார்கள். சூட்டில் அச்சிட்ட காகிதம் அத்தனை ஆண்டு தெளிவாக இருக்கும் என்று நம்ப முடியாது. அன்றே எடுத்த தெளிவான படம் இங்கே உதவும்.

பொருளில் குறை என்று பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகவும் ரசீது முக்கிய ஆதாரம். அங்கே 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில், மூன்று ஆண்டுக்குள் பதியலாம். கட்டுப்பாட்டு விலையைவிட அதிகமாக வாங்கிவிட்டார்கள் என்று உள்நாட்டு வாணிகம், வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யும்போதும், அந்தப் பொருளின் வரி, கடைப் பெயர், தேதி மூன்றும் தெரிய வேண்டும். நீங்கள் கணக்குப் போட்டு மீட்ட எண் வீட்டுப் பங்கு பிரிக்கப் போதும். புகாருக்கு அது போதாது. அங்கே கடை அச்சிட்ட எண்தான் பேசும்.